படியேறும்போது வரும் எரிச்சலை வயிற்றுக் கணக்கில் எழுதாதீர்கள்

கேள்வி: வயது 54. மூன்று மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடு நெஞ்சில், எலும்புக்குப் பின்னால் எரிகிறது. படுத்தால் அதிகமாகும், சில நாள் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும். டாக்டர் இசிஜி எடுத்தார், நார்மல். பேன்டோபிரசோல் கொடுத்தார். மூன்று வாரத்தில் ராத்திரி எரிச்சல் முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் இப்போது பதினைந்து நாளாக, மதியம் சாப்பிட்டுவிட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்குப் படியேறும்போது அதே இடத்தில் எரிகிறது. பாதியில் நின்று ஆன்டாசிட் மாத்திரை ஒன்றைச் சப்புவேன், ஐந்து நிமிடத்தில் போய்விடும். வலி என்று சொல்ல முடியாது, எரிச்சல்தான். பிபிக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்புவரை சிகரெட் பழக்கம் இருந்தது. மாத்திரையின் டோஸைக் கூட்டினால் போதுமா, இல்லை எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். நாளை, முடியாவிட்டால் நாளை மறுநாள் போய்விடுங்கள். அதுவரை சாப்பிட்டவுடன் படியேற வேண்டாம், லிஃப்டில் போங்கள். கனமானதைத் தூக்கவோ வேகமாக நடக்கவோ வேண்டாம்.

அதற்குள் அந்த எரிச்சல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த நடைக்கே வந்தாலோ, காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நின்று ஓய்வெடுத்தும் ஐந்து, பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் இறுக்கம் என்று ஏதாவது சேர்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் ஒரே எரிச்சலைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை. இரண்டு தனித்தனி எரிச்சல்கள் இருக்கின்றன, ஒரே இடத்தில் வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ராத்திரி வருவது அநேகமாக எதுக்களிப்பு. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, மற்ற நேரத்தில் மூடியிருப்பது அதன் வேலை. வயிறு நிறைந்து விரியும்போது அந்தத் தசை விழுங்காமலேயே அடிக்கடி சில விநாடிகள் தளர்ந்துவிடும். எல்லோருக்கும் நடப்பதுதான் இது, சிலருக்கு அதிகம். சாப்பாடு உள்ளே போனால் அமிலம் அதில் கலந்து வீரியம் குறைய வேண்டும் அல்லவா? கீழே குறைகிறது. ஆனால் புதிதாகச் சுரக்கும் அமிலத்தில் ஒரு பகுதி உணவோடு கலக்காமல் அதன்மேல் ஒரு படலமாக நிற்கிறது, அதுவும் சரியாக அந்த வளையத் தசைக்கு அடியிலேயே. தசை தளர்ந்தால் முதலில் மேலே ஏறுவது அதுதான். அதனால்தான் வெறும் வயிற்றைவிடச் சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சு கரிக்கிறது. படுத்தால் அமிலத்தைக் கீழே இழுத்து வைக்கப் புவியீர்ப்பும் இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் அடங்குவதற்குக் காரணம் அது. புளித்த தண்ணீர் தொண்டைவரை வருவது, குனிந்தாலும் படுத்தாலும் கூடுவது, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைக்குச் சில வாரத்தில் கட்டுப்படுவது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் எதுக்களிப்பு என்று பெரும்பாலும் நம்பலாம். உங்களுக்கு மூன்றும் இருக்கிறது.

சரி, இப்போது படிக்கட்டு.

அங்கே வரும் எரிச்சலில் புளிப்பு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. படுத்ததால் வரவில்லை, ஏறியதால் வந்தது. நின்றதும் ஐந்து நிமிடத்தில் போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ராத்திரி எரிச்சலை முக்கால்வாசி அடக்கிய அதே பேன்டோபிரசோலைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இது புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அமிலம்தான் காரணமென்றால், அமிலம் குறைந்திருக்கும் இந்த நேரத்தில், அதுவும் நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு, இது ஏன் புதிதாக முளைக்க வேண்டும்? உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த இடம்தான்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால், ஓய்வில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. தேவைக்கு அந்தச் சுருங்கிய வழியே போதும். மாடி ஏறும்போது துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசை அதிக ஆக்ஸிஜன் கேட்கிறது, வழி போதவில்லை. அப்போது வரும் நெஞ்சு வேதனைக்கு ஆஞ்சைனா என்று பெயர். உழைப்பு கூடும்போது வந்து, நின்றால் சில நிமிடங்களில் போய்விடுவது அதன் அடையாளம். சாப்பாட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாப்பிட்டபின் குடலுக்குப் போகும் ரத்தம் அதிகமாகிறது, அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கிறது. ஆகவே வெறும் வயிற்றில் மூன்று மாடி தாங்குகிற இதயம், வயிறு நிறைந்திருக்கும்போது இரண்டு மாடியிலேயே முறையிடலாம். வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1768-ல் இந்த நோயை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தபோதே, நடக்கும்போது, குறிப்பாக மேடேறும்போதும் சாப்பிட்ட சற்று நேரத்திலும் வருகிறது, நின்றால் மறைந்துவிடுகிறது என்று குறித்திருக்கிறார். இசிஜி, ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாத காலம் அது. நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே அவ்வளவையும் எழுதினார். சாப்பாட்டுக்குப் பின் வருகிற எதுவும் வயிற்றுக் கோளாறுதான் என்ற நம்பிக்கை ஏனோ நம்மைவிட்டு இன்னும் போகவில்லை.

"வலி இல்லை, எரிச்சல்தான்" என்கிறீர்கள். உணவுக்குழாயிலிருந்து வரும் உணர்வு நரம்புகளும் இதயத்திலிருந்து வருபவையும் மேல்முதுகுப் பகுதியில் தண்டுவடத்தின் ஒரே கட்டங்களுக்குள் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து மேலே போகும் செய்தியை வைத்து, புறப்பட்ட உறுப்பு எது என்று மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. அதனால் இதய வேதனை சிலருக்கு எரிச்சலாக வரும், சிலருக்கு வயிற்று உப்புசமாக, சிலருக்குக் கனமாக, சிலருக்கு இறுக்கமாக வரும். வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக வருவதும் உண்டு. பெண்களிடமும் வயதானவர்களிடமும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இப்படி மாறி வருவதை அதிகம் பார்க்கிறோம். மறுபக்கம், உணவுக்குழாய் தசை இழுத்துப் பிடித்தால் அசல் மாரடைப்பு மாதிரியே நெஞ்சை அழுத்தும். எனவே உணர்வு எப்படி இருக்கிறது என்பதை நான் கேட்டுக்கொள்வேன், அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன். எது கிளப்புகிறது, எது அடக்குகிறது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

அடுத்தது, சப்பிய மாத்திரை. பாதி மாடியில் நின்று சப்பினேன், ஐந்து நிமிடத்தில் போய்விட்டது என்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்தை நிதானமாகத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். எரிந்தது. நின்றீர்கள். பையைத் திறந்தீர்கள், மாத்திரையைப் பிரித்தீர்கள், சப்பினீர்கள், கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தீர்கள். போய்விட்டது. போக்கியது மாத்திரையா, நின்றதா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆன்டாசிட் சில நிமிடங்களில் வேலை செய்யும். ஆஞ்சைனாவும் நின்ற சில நிமிடங்களில் அடங்கும். நேரக் கணக்கு இரண்டுக்கும் ஒத்துப்போகிறது, நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும், ஆன்டாசிட் கொடுத்து வலி அடங்கியதை வைத்து இதயமில்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பதுதான் பாடம். இதன் மறுபக்கமும் உண்மை: நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைக்கு அடங்கியது, அதனால் இதயம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த மருந்து உணவுக்குழாய் தசையின் இழுப்பையும் தளர்த்தும்.

அதற்காக, சரி, மாத்திரை சப்பாமல் ஒருமுறை ஏறிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். இந்தச் சோதனையைப் படிக்கட்டில் செய்யக் கூடாது. நடந்து முடிந்தவற்றை நினைவுபடுத்திப் பார்த்தாலே போதும்: வெறும் வயிற்றில் வேகமாக நடந்தபோது எப்போதாவது வந்ததா? சாப்பிட்டுவிட்டு லிஃப்டில் போன நாட்களில் வந்ததா? லிஃப்ட் நாட்களில் வரவே இல்லை என்றால், மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி அது.

இசிஜி நார்மல் என்பதில் எவ்வளவு ஆறுதல் அடையலாம்? கொஞ்சம்தான். வழக்கமான இசிஜி, படுக்கையில் அசையாமல் இருக்கும் உங்கள் இதயத்தின் சுமார் 10 விநாடியைப் பதிவு செய்கிறது. பெரிய ரத்தக் குழாயின் விட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் அடைத்தபிறகுதான் பொதுவாக உழைக்கும்போது தொந்தரவு தெரியத் தொடங்கும்; அப்போதும் ஓய்வில் ரத்தம் போதுமான அளவு போய்க்கொண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் எடுத்த இசிஜி சுத்தமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தவிர, உங்கள் இசிஜி எடுக்கப்பட்டது ராத்திரி எரிச்சலுக்காக. படிக்கட்டு எரிச்சல் அதற்குப் பிறகு வந்தது. அந்தத் தாள் இதற்குப் பதில் சொல்லாது.

ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான், அது பதில் சொல்லும் கேள்வி வேறு. இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஒருமுறை எடுத்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு முறை, அதுவும் வலி தொடங்கிய உடனே எடுத்து நார்மல் என்று வீட்டுக்குப் போவது சரியல்ல. நின்றால் போய்விடும் ஆஞ்சைனாவில் தசை சேதமாவதில்லை என்பதால் ட்ரோபோனின் பெரும்பாலும் ஏறாது. எனவே அது நார்மலாக இருந்தால் இப்போது மாரடைப்பு இல்லை என்று சொல்லலாம், குழாயில் சுருக்கம் இல்லை என்று சொல்ல முடியாது.

இதய மருத்துவர் என்ன செய்வார்? இசிஜியை மறுபடி எடுப்பார். ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு பார்ப்பார். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் லேசான சுருக்கமும் தொந்தரவு தரும் என்பதால் அதுவும் தேவை. எக்கோ எடுத்துத் தசையின் அசைவைப் பார்ப்பார். அதன்பின் இரண்டு வழிகளில் ஒன்று: இதயத்தை உழைக்கவைத்துப் பார்க்கும் ட்ரெட்மில் போன்ற சோதனை, அல்லது ரத்தக் குழாய்களையே படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம். உங்கள் வயது, பழைய சிகரெட் பழக்கம், பிபி, அறிகுறியின் தன்மை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நானாக இருந்தால் சிடியை நோக்கிச் சாய்வேன். ட்ரெட்மில் நார்மலாக வந்தால் சந்தேகம் குறையும், அடியோடு தீராது. அறிகுறி தீவிரமாகத் தெரிந்தால் அவர் நேராக வழக்கமான ஆஞ்சியோவுக்கே போகச் சொல்லலாம். நேரில் பார்ப்பவர் எடுக்க வேண்டிய முடிவு அது.

அவரிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். "கேஸ் பிரச்சினை, மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று தொடங்கினால் பேச்சு முழுவதும் அந்தத் திசையில் போய்விடும். "பதினைந்து நாளாக, சாப்பிட்டபின் படியேறினால் நடு நெஞ்சில் எரிகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போகிறது, பேன்டோபிரசோல் சாப்பிடும்போதே வந்தது" என்று சொல்லுங்கள். ராத்திரி எரிச்சலை அப்புறம் சொல்லலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வரலாம். நடப்பதுதான். வயிறு நிறைந்திருக்கும்போது உடலை வருத்தினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி எதுக்களிப்பு வருவதும் உண்டு. சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்கும் பளு தூக்குகிறவர்களுக்கும் இது தெரியும். அப்படியானால் நிம்மதியாக வயிற்றின் பக்கம் திரும்பலாம். இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். வயது, தொப்பை, சிகரெட் மூன்றும் இரண்டு நோய்களுக்குமே வழி வைப்பவை, அதனால் ஒன்று உறுதியானதும் இன்னொன்று இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் வரிசை மாறக் கூடாது. எதுக்களிப்பை இரண்டு வாரம் தாமதமாகக் கவனித்தால் இன்னும் சில ராத்திரி தூக்கம் கெடும், அவ்வளவுதான். இதயத்தில் அந்த இரண்டு வாரம் விலை அதிகம். புதிதாகத் தொடங்கிய ஆஞ்சைனா, பல வருடமாக மாறாமல் இருப்பதைவிட நம்பத்தகாதது.

ராத்திரி எரிச்சலுக்கு இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. பேன்டோபிரசோலைச் சாப்பாட்டுக்குப் பின்னோ படுக்கப்போகும்போதோ விழுங்குகிறீர்களா என்று பாருங்கள். அமிலம் சுரக்கும் செல்கள் உணவுக்காக விழித்தெழும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதற்கு நாளின் முதல் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். மருந்தைக் குறை சொல்கிறவர்களில் பலர் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் பயனில்லை. உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை இன்னும் அழுத்தும். இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கும், வலது பக்கம் படுத்தால் அது கீழே போய்விடும்.

அம்லோடிபினுக்கும் இதில் சிறு பங்கு இருக்கலாம். ரத்தக் குழாயின் தசையைத் தளர்த்துகிற அந்த வகை மருந்துகள், உணவுக்குழாயின் அந்த வளையத் தசையையும் கொஞ்சம் தளர்த்தும். அதற்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது. அது பிபிக்கு மட்டுமல்லாமல் ஆஞ்சைனாவுக்கும் கொடுக்கும் மருந்து. இப்போது அதை நிறுத்துவது தவறான நேரத்தில் செய்யும் தவறான காரியம். எதுக்களிப்பு இருப்பதை இதய மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மூட்டுவலி, தலைவலி என்று ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாகப் போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தலாம். அவை வயிற்றுக்கும் ஆகாது, பிபிக்கும் ஆகாது, இதயத்துக்கும் ஆகாது.

எண்டோஸ்கோப்பியைக் கேட்டிருந்தீர்கள். உணவு தொண்டைக்குக் கீழே சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, வாந்தியில் ரத்தம், ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் சீக்கிரமே பார்க்க வேண்டும். உங்களுக்கு இவை இருப்பதாக எழுதவில்லை. எட்டு வாரம் மருந்தைச் சரியான நேரத்தில் சாப்பிட்டும் எரிச்சல் மிச்சமிருந்தால், அல்லது நிறுத்தியதும் திரும்பி வந்தால், அப்போது பார்க்கலாம். அதிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எதுக்களிப்பு உள்ளவர்களில் பெரும்பகுதியினருக்கு எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் தெரியாது. சந்தேகம் தொடர்ந்தால், மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியே விட்டு 24 மணி நேரம் உணவுக்குழாயின் அமில அளவைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது. எரிச்சல் வந்த நேரத்தில் அமிலம் ஏறியதா இல்லையா என்று அது காட்டிவிடும்.

கடைசியாக, ஆஞ்சியோவில் அடைப்பு தெரிந்து ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் குளோபிடோக்ரெல் என்ற மருந்தைக் கொடுக்க வாய்ப்புண்டு. அது உடம்பில் வேலை செய்யத் தகுந்த வடிவத்துக்கு மாறுவதை ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் தடுக்கின்றன. பேன்டோபிரசோல் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. எனவே நீங்கள் இப்போது சாப்பிடுகிற வயிற்று மாத்திரையின் பெயரை மருந்துச்சீட்டோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். பிறகு மருந்துக்கடையில் அதற்குப் பதிலாக ஒமிப்ரசோல் இருக்கிறது என்று நீட்டினால் வாங்காதீர்கள்.